தவணையில் திரும்பும் பணமும் தப்பிச் செல்லும் முகவரும்

“பேராசைப்பட்டார்கள், ஏமாந்தார்கள்.” மலையகத்தில் வெளிநாட்டு வேலை மோசடி பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் வாக்கியம் இதுதான். பொலிஸ் நிலைய வாசலில் கேட்டிருக்கிறேன். தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். நான் தொழில் பார்த்த பத்திரிகை அலுவலகங்களின் செய்தி மேசைகளிலும் கேட்டிருக்கிறேன். சொல்பவர் எவரும் தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர் அல்லர் என்பதையும் கவனித்து வைத்திருக்கிறேன்.

பேராசை என்றால் என்ன? 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. டிக்கோயாவிலோ பொகவந்தலாவையிலோ ஒரு முகவர் கேட்கும் தொகை ஆறு இலட்சம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூலியில் ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 444 நாள் வேலை. மாதம் இருபத்தைந்து நாள் பெயர் விழுந்தாலும் ஒன்றரை ஆண்டு. அதன் பின்னர் கூலி சற்று உயர்ந்ததைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் ஓராண்டு உழைப்புக்குக் குறையாது. இவ்வளவு பெரிய தொகையைத் துணிந்து கொடுக்கும் குடும்பம் ஆடம்பரம் தேடிக் கொடுப்பதில்லை. இரண்டாவது மகனுக்கும் அதே மலை, அதே கொழுந்துக் கூடை என்ற தலைவிதியை மாற்றக் கொடுக்கிறது. இதைப் பேராசை என்பவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கனடாவுக்கு அனுப்பச் செலவழித்ததற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அறிய ஆவல்.

ஆனால் நான் எழுத வந்தது ஏமாந்தவர்களுக்காகப் பரிந்து பேச மட்டும் அல்ல. பணம் போனபின் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எழுத வந்தேன். பணம் கைமாறும் நாளில் மோசடி முடிந்துவிடுவதில்லை. அது அன்றுதான் ஆரம்பமாகிறது. அதற்குப் பின்வரும் மாதங்களில், “பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்ற பெயரில் நடப்பதே இந்தத் தொழிலை உயிரோடு வைத்திருக்கிறது.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். இது ஒரு தனிக் குடும்பத்தின் கதை அன்று. பல ஆண்டுகளாகப் பலர் சொல்லக் கேட்டவற்றை ஒன்றாக்கி எழுதுகிறேன். யாரையும் அடையாளம் காட்ட விரும்பவில்லை.

தோட்டத்துக்கு வருபவர் கொழும்பு முகவர் அல்லர். அவர் வரமாட்டார். வருபவர் பக்கத்துத் தோட்டத்துக்காரர், தெரிந்த முகம், பெரும்பாலும் தாமே ஒருமுறை குவைத்துக்கோ டுபாய்க்கோ போய் வந்தவர். உப முகவர் என்று நாம் சொல்லும் மனிதர். “மாமா, ருமேனியாவில் கார்மென்ட் வேலை, மாதம் இரண்டரை இலட்சம், சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனியே கொடுக்கும்” என்கிறார். முதலில் ஐம்பதாயிரம், மருத்துவச் சோதனைக்கும் பதிவுக்கும். கடவுச்சீட்டையும் வாங்கிக்கொள்கிறார். இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் வருகிறது. முத்திரை இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது, பையனின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு இரண்டரை இலட்சம். நகை அடகுக்குப் போகிறது. மூன்றாவதாக, “விசா வந்துவிட்டது, டிக்கட் போடவேண்டும்” என்று மூன்று இலட்சம். இதற்குத் தகப்பனின் ஊழியர் சேமலாப நிதி போகிறது. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவரின் வாழ்நாள் சேமிப்பு அது. அவர் கொழுந்து நிறுத்த கணக்கும், கவ்வாத்து வெட்டிய கணக்கும், அட்டை கடித்த கணக்கும் சேர்ந்துதான் அந்தப் பணம்.

பயண நாள் தள்ளிப்போகிறது. முதலில் தூதரகத்தில் தாமதம். பிறகு அந்த நாட்டில் குளிர்காலம். பிறகு கம்பெனி முதலாளி மாறிவிட்டார். பிறகு இன்னொரு நாடு: “ருமேனியா சரிவராது, போலந்து பார்க்கலாம், இன்னும் ஒன்றரை மட்டும் கொடுங்கள்.” ஒவ்வொரு காரணமும் ஆறு வாரம் தாங்கும். இப்படி ஒன்றரை ஆண்டு ஓடிவிடும்.

இந்த ஒன்றரை ஆண்டும் அவருக்கு ஏன் தேவை? அதிலேதான் எல்லாம் அடங்கியிருக்கிறது. முதலாவது, அந்தக் காலத்துக்குள் அவர் இன்னும் பத்துப் பேரிடம் வாங்கிவிடுவார். இரண்டாவது, தொலைபேசி இலக்கம் மாறும், பழைய குறுந்தகவல்கள் அழியும், வங்கிச் சிட்டை மழையில் நனையும், சாட்சியாக நின்ற அயலவர் வேலை தேடிக் கொழும்பு போய்விடுவார். மூன்றாவது, சட்டத்தின் கடிகாரம் ஓடும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத கொடுக்கல் வாங்கலுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்கிட நம் நாட்டுக் காலவரையறைக் கட்டளைச் சட்டம் தரும் காலம் மூன்று ஆண்டு. எழுத்தில் இருந்தால் ஆறு ஆண்டு. வாய்வார்த்தைக்கும் ஒரு தாளுக்கும் இடையில் மூன்று ஆண்டு வித்தியாசம். இது உப முகவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பற்றுச்சீட்டு கேட்டால் கோபப்படுகிறார். “நம்பிக்கை இல்லையா மாமா?” என்கிறார். நம்பிக்கை என்ற சொல்லை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் பயன்படுத்தும் அளவுக்குக் கோயில் பூசகர்கூடப் பயன்படுத்துவதில்லை.

பணம் போய்விட்டது என்று குடும்பம் உணரும்போது மூன்று கதவுகள் இருக்கின்றன. முதற்கதவு அவருடைய வீடு. அங்கே அழுகை, சத்தியம், “அடுத்த மாதம்” என்ற வாக்குறுதி. இரண்டாவது பொலிஸ். மூன்றாவது பத்தரமுல்லை, கொஸ்வத்தையில் இருக்கும் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்.

பொலிஸ் நிலையத்தில் அடிக்கடி கிடைக்கும் பதில்: “இது பணக் கொடுக்கல் வாங்கல், சிவில் விஷயம், நீதிமன்றத்துக்குப் போங்கள்.” இந்தப் பதில் தவறு. இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லிப் பணத்தைக் கொடுக்கவைப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவில் வரும் மோசடி. ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றம். அதற்கும் மேலாக, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒருவர் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவராகத் தொழில் செய்வதே 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டத்தின்படி குற்றம். பையன் உண்மையிலேயே ருமேனியா போயிருந்தாலும் அது குற்றமே. இந்த இரண்டாவது விஷயத்தைப் பல பொலிஸ் நிலையங்கள் மறந்துவிடுகின்றன. அல்லது நினைவுபடுத்த ஆளில்லை.

இன்னொன்றும் உண்டு. முறைப்பாட்டைப் பதிபவர் சிங்களத்தில் எழுதுகிறார். அம்மா தமிழில் சொல்கிறார். இடையில் ஒருவர் மொழிபெயர்க்கிறார். கடைசியில் அம்மா கைநாட்டு வைக்கும் தாளில் “வெளிநாட்டு வேலைக்கு என்று வாங்கினார்” என்பது “கடனாக வாங்கினார்” என்று சுருங்கியிருந்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. வழக்கு அங்கேயே சிவிலாகிவிடுகிறது. நுவரெலியா மாவட்டத்துக்குச் சிங்களமும் தமிழும் நிருவாக மொழிகள் என்று 1999இல் வர்த்தமானியில் பிரகடனம் வந்தது. கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. தமிழில் பதியும்படி கேட்பது சலுகை கேட்பதல்ல. குறைந்தபட்சம் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையொப்பமிட வேண்டாம். வெளியே வரும்முன் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் திரும்பி வந்தால், போகவே இல்லை என்பதற்குச் சமம்.

இனிப் பணியகம். அங்கே கேட்கப்படும் முதற்கேள்வி, “அனுமதிப்பத்திரம் உள்ள முகவரா, இல்லாதவரா?” என்பது. இந்த ஒரு கேள்வியில் பாதை இரண்டாகப் பிரிகிறது.

அனுமதிப்பத்திரம் உள்ள நிறுவனமானால் பணியகத்தின் கையில் பிடி இருக்கிறது. அந்த நிறுவனம் அனுமதி பெறும்போதே வங்கி உத்தரவாதம் வைத்திருக்கிறது. பணியகம் அதை விசாரணைக்கு அழைக்கலாம், முறைப்பாட்டாளரையும் எதிரே இருத்திப் பேசலாம், பணத்தைத் திருப்பச் சொல்லலாம். கேட்காவிட்டால் அனுமதியை இடைநிறுத்தலாம், இரத்துச் செய்யலாம், உத்தரவாதத்தில் கைவைக்கலாம். தொழில் போய்விடும் என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே இங்கே பணம் திரும்ப வாய்ப்பு அதிகம்.

அனுமதிப்பத்திரம் இல்லாதவரானால் பணியகத்திடம் உத்தரவாதமும் இல்லை, இரத்துச் செய்ய எதுவும் இல்லை. அங்கே விசேட புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. சோதனை போடலாம், கைது செய்யலாம், நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். குற்றம் நிரூபணமானால் அபராதம் அரசுக்குப் போகும், குடும்பத்துக்கு அல்ல. இதைப் பலர் அறிவதில்லை. “அவனுக்கு நீதிமன்றம் ஒரு இலட்சம் அபராதம் போட்டதாமே, எங்கள் பணம் எங்கே?” என்று கேட்ட முகங்களைக் கண்டிருக்கிறேன். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு செலுத்துமாறும் நீதிமன்றம் கட்டளையிடலாம். ஆனால் அதைக் கேட்கவேண்டும். கேட்பதற்கு அன்றைக்கு நீதிமன்றத்தில் இருக்கவேண்டும். எவ்வளவு கொடுத்தோம் என்பதற்குத் தாள் இருக்கவேண்டும்.

நமது உப முகவர் நிற்பது இந்த இரு பாதைகளுக்கும் நடுவில். “நான் இன்ன கம்பெனியின் ஆள்” என்று சொல்லித்தான் வாங்குகிறார். விவகாரம் வெடித்தால் கொழும்புக் கம்பெனி, “அவரை எங்களுக்குத் தெரியாது, எங்கள் பற்றுச்சீட்டைக் காட்டுங்கள்” என்கிறது. காட்ட ஒன்றும் இல்லை. பணம் அவருடைய மனைவியின் வங்கிக் கணக்கில் போடப்பட்டிருக்கிறது, அல்லது கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனிக்கு அவர் ஆள் பிடித்துக் கொடுத்தபோது தெரிந்தவர். பணம் கேட்கும்போது தெரியாதவர். இந்தத் தெரிந்தும் தெரியாத நிலைதான் முழு வியாபாரத்தின் அடித்தளம்.

நம் முன்னோரைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அழைத்து வந்த கங்காணியும் இப்படித்தான், தெரிந்த முகம், உறவு முறை, முற்பணக் கடன். துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நான் கங்காணிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அவன் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டாவது ஆளைக் கொண்டுவந்து சேர்த்தான். இன்றைய கங்காணி ஆளைக் கட்டுநாயக்காவுக்குக்கூடக் கொண்டுபோவதில்லை. கடனை மட்டும் கொண்டுவந்து சேர்க்கிறான்.

இப்போது “பேசித் தீர்ப்பது” என்ற விஷயத்துக்கு வருகிறேன். முறைப்பாடு போனதும் உப முகவர் ஓடுவது சட்டத்தரணியிடம் அல்ல. ஒரு பிரமுகரிடம். உள்ளூர் அரசியல்வாதியோ, தொழிற்சங்கத் தலைவரோ, கோயில் பரிபாலன சபைத் தலைவரோ. அவர் இரு தரப்பையும் கூப்பிடுகிறார். தேநீர் வருகிறது. “நம்மாள் நம்மாள் மேல் வழக்குப் போட்டால் சிரிப்பார்கள்” என்கிறார். ஆறு இலட்சத்தில் நாலரை இலட்சம், அதுவும் மாதம் இருபத்தையாயிரம் வீதம், முதல் தவணை இப்போதே. பதிலுக்கு முறைப்பாட்டைத் திரும்பப் பெறவேண்டும். அம்மா இருபத்தையாயிரத்தைக் கையில் வாங்கும்போது அழுகிறார். பிரமுகர் நல்லது செய்த திருப்தியோடு எழுந்து போகிறார். இரண்டு தவணை வரும், சிலசமயம் மூன்று. பிறகு வராது. மீண்டும் பொலிசுக்குப் போனால், “நீங்கள்தான் சமாதானமாகிவிட்டீர்களே!”

அந்த இருபத்தையாயிரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டோமா? அடுத்த தோட்டத்துப் பெண்ணிடம் “மருத்துவச் சோதனைக்கு” வாங்கிய ஐம்பதாயிரத்திலிருந்து. சமரசம் பேசிய பெரியவர் தாம் அறியாமலே அந்தப் பெண்ணின் பணத்தை எடுத்து இந்த அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். முறைப்பாடு மீளப்பெறப்பட்டதால் முகவர்மீது குற்றத்தீர்ப்பு இல்லை. ஹற்றனில் பெயர் கெட்டால் அவர் நாவலப்பிட்டியில் தொடங்குவார். அங்கும் கெட்டால் பதுளை. எங்கு விசாரித்தாலும் “அவர்மேல் ஒரு வழக்கும் கிடையாது” என்பது உண்மையான பதிலாகவே இருக்கும்.

அந்த அம்மா ஏன் ஒப்புக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஒரு வழக்குத் தவணைக்கு ஹற்றன் நீதிமன்றம் போனால் ஒரு நாள் பெயர் போகும், பஸ் செலவு, சட்டத்தரணிக்குக் கொடுப்பது. முகவர் அன்று வராவிட்டால் அடுத்த தவணை. அடகு வட்டி மட்டும் தவறாமல் வரும். வழக்கு முடியும் நாளை யாராலும் சொல்லமுடியாதபோது கையில் கிடைக்கும் இருபத்தையாயிரம் அற்பமல்ல. ஆகவே சமரசம் செய்யாதே என்று நான் உபதேசிக்கப் போவதில்லை. அது வயிறு நிறைந்தவன் பேச்சு. நான் சொல்வது வேறு: பணத்தை வாங்குங்கள், முறைப்பாட்டைத் திரும்பப் பெறாதீர்கள். திருப்பித் தருகிறேன் என்பவர் நீதிமன்றத்திலோ பணியகத்திலோ பதிவாகும்படி தரட்டும். வெளியேதான் தருவேன் என்றால், இன்ன திகதியில் இன்ன வேலைக்காக ஆறு இலட்சம் வாங்கினேன் என்று அவர் கைப்பட எழுதி, அடையாள அட்டை இலக்கத்தோடு ஒப்பமிடட்டும். எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டால் சட்டத்தின் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். “கடனாக” என்ற சொல் மட்டும் அதில் இருக்கக்கூடாது. “வெளிநாட்டு வேலைக்காக” என்று இருக்கவேண்டும். மேலும், அனுமதியில்லாமல் முகவர் தொழில் செய்த குற்றம் அரசுக்கு எதிரான குற்றம். பணம் திரும்பிவிட்டதாலேயே அது இல்லாமற் போய்விடாது. அந்த வழக்கை மீளப்பெறுவது அந்த அம்மாவின் கையில் இல்லை. பிரமுகரின் கையில் நிச்சயமாக இல்லை.

காசோலை கொடுத்தால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. கொடுத்தால் நல்லதே, வாங்கிக்கொள்ளுங்கள். வங்கியில் பணமில்லை என்று அது திரும்பினால், 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டத்தின் 25ஆம் பிரிவில் அது தனியொரு குற்றம். வங்கி தரும் மறுப்புச் சீட்டைக் கிழித்தெறியாதீர்கள், அதுதான் சாட்சி. எத்தனையோ பேர் கோபத்தில் முகவரின் முகத்திலேயே அதை வீசிவிட்டு வந்திருக்கிறார்கள்.

என் சொந்தத் தொழிலையும் விட்டுவிட மனம் வரவில்லை. வெளிநாட்டு வேலை விளம்பரம் போடும் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கம் அந்த விளம்பரத்தில் இருக்கவேண்டும். அந்த இலக்கம் இன்னும் செல்லுபடியாகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். பணியகத்தின் www.slbfe.lk தளத்திலேயே பார்க்கலாம், 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் ஒரு கைத்தொலைபேசி இலக்கமும் “உடனடி விசா” என்ற இரு சொற்களும் மட்டுமே கொண்ட சிறு விளம்பரங்கள் ஞாயிறு இதழ்களில் வந்த காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆசிரியத் தலையங்கத்தில் போலி முகவரைக் கண்டிப்பது, எட்டாம் பக்கத்தில் அவருக்கே இடம் விற்பது! இன்று அந்த இடத்தை முகநூலும் டிக்டொக்கும் பிடித்துக்கொண்டன. அங்கே தலையங்கமும் கிடையாது.

அனுமதிப்பத்திரம் இருந்தால் மட்டும் போதும் என்று நினைக்கவும் கூடாது. ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வேலைக்கும், இத்தனை பேர் என்று பணியகத்திடம் தனி அங்கீகாரம் பெறவேண்டும். ஜொப் ஓடர் என்று சொல்வார்கள். சவூதிக்குச் சாரதிகளை அனுப்ப அங்கீகாரம் பெற்ற நிறுவனம், அதைக் காட்டி ருமேனியாவுக்கு ஆள் சேர்த்தால் அதுவும் மோசடியே. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி “உங்களுக்கு லைசன் இருக்கிறதா?” என்பதோடு முடியாது. “இந்த வேலைக்கு ஜொப் ஓடர் இருக்கிறதா, எவ்வளவு வாங்க அனுமதி?” என்பதையும் கேட்கவேண்டும். முகவரிடம் அல்ல, பணியகத்திடம். இன்னும் எளிதான அடையாளம் ஒன்றுண்டு. கொரியாவில் தொழிற்சாலை வேலைக்கு அரசுகளுக்கிடையிலான ஈ.பி.எஸ் முறையில், பரீட்சை எழுதிப் பணியகத்தினூடாகவே போகமுடியும். அந்த வேலையை வாங்கித் தருகிறேன் என்று எந்தத் தனியார் சொன்னாலும், அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராயவேண்டியதில்லை. ருமேனியா போன்ற நாடுகளில் வேலை அனுமதியை எடுப்பவர் அங்குள்ள முதலாளி. அது வருமுன் விசா வருவதில்லை. வாட்ஸ்அப்பில் கடிதம் அனுப்பியவர் அந்த அனுமதியின் இலக்கத்தைக் காட்டட்டும்.

இவை எல்லாவற்றிலும் கொடியது சுற்றுலா விசா. பணம் வாங்கி அனுப்பாமல் விடுவதைவிட, அனுப்பிவைப்பது மோசமாகும் இடம் அது. 2022 நவம்பரில் ஓமானில் என்ன நடந்தது என்று நினைவிருக்கலாம். வீட்டு வேலை என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் கொண்டுபோகப்பட்ட இலங்கைப் பெண்கள் விற்கப்பட்டதாகச் செய்தி வெடித்தது. மஸ்கட்டில் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் பெண்கள் தஞ்சமடைந்திருந்தார்கள். தூதரக அதிகாரி ஒருவரே இடைநிறுத்தப்பட்டு, நாடு திரும்பியதும் விமான நிலையத்தில் கைதானார். சுற்றுலா விசாவில் போகிறவருக்குப் பணியகப் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் காப்புறுதி இல்லை, ஒப்பந்தம் இல்லை, முறைப்பாடு செய்யும்போது காட்ட ஒரு கோப்பு இலக்கம்கூட இல்லை. “அங்கே போய் விசாவை மாற்றிக்கொள்ளலாம் அக்கா” என்ற வாக்கியத்தை யாராவது சொன்னால், அவர் சொல்வது இதுதான்: உங்களுக்கு என்ன நேர்ந்தாலும் என்னைத் தேடிவர வழியிருக்காது.

அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான். பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். போகுமுன் அறிவுரை சொல்லவும், படிவம் நிரப்பவும் அவர்கள் போதும். பணம் போனவர் வந்தால், “பத்தரமுல்லைக்குப் போங்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள் என்பதே நான் கேட்கும் குறை. மஸ்கெலியாவிலிருந்து பத்தரமுல்லைக்குப் போய்வர ஒரு முழுநாளும் ஓர் இரவும் வேண்டும், இருவர் பயணச் செலவு வேண்டும். அங்கே “இந்தச் சிட்டையின் பிரதி இல்லை, நாளை வாருங்கள்” என்றால்? விசாரணைப் பிரிவின் தமிழ் தெரிந்த ஓர் அதிகாரி மாதத்தில் ஒரு நாள் ஹற்றனில் அமர்ந்து முறைப்பாடு பதிந்தால், முகவரையும் அங்கேயே அழைத்து விசாரித்தால், பாதிப் பிரமுகர்களுக்கு வேலை போய்விடும். அதனால்தான் இதைக் கேட்டு எந்தப் பிரமுகரும் பாராளுமன்றத்தில் மேசை தட்டுவதில்லை என்று சொன்னால் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இதை வாசிப்பவர்களில் எவருடைய வீட்டிலாவது “விசா வருகிறது” என்ற நிலையில் பணம் நின்றுகொண்டிருந்தால், இன்றைக்கே செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. ஒரு கொப்பியை எடுத்து, எந்தத் திகதியில், எங்கே, யார் முன்னிலையில், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள். மறந்துபோனதைச் சாட்சியாக இருந்தவரிடம் கேட்டு எழுதுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை, குரற்பதிவுகளையும் சேர்த்து, இன்னொரு தொலைபேசிக்கு அனுப்பி வையுங்கள். பழுதாகும் தொலைபேசி எப்போதும் அதுவாகத்தான் இருக்கும். வங்கியில் போட்டிருந்தால் சிட்டை தொலைந்தாலும் கவலையில்லை. திகதியையும் கணக்கிலக்கத்தையும் கொண்டுபோனால் பணம் போட்ட கிளையில் விசாரித்துப் பார்க்கலாம். அந்தக் கணக்கு யாருடையது என்பதைப் பொலிஸார் நீதிமன்றக் கட்டளை பெற்று அறியலாம். கடவுச்சீட்டை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். பிறருடைய கடவுச்சீட்டுகளை வீட்டில் குவித்து வைத்திருப்பது, சோதனை நடக்கும்போது அவருக்கு எதிராகப் பேசும் முதற்சாட்சி. அதே தோட்டத்தில் அதே ஆளிடம் கொடுத்த மற்றவர்களையும் தேடிப் பாருங்கள். ஒருவர் போனால் கொடுக்கல் வாங்கல், எட்டுப் பேர் போனால் தொழில். அனுமதியில்லாமல் தொழில் நடத்தினார் என்று நிரூபிக்க அந்த எட்டுப் பேரும் ஒரே நாளில் போய் எட்டு முறைப்பாடு கொடுப்பதைப்போல் வேறு எதுவும் உதவாது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேட்கலாம்.

முதற்பணம் கொடுத்த திகதியிலிருந்து எத்தனை மாதம் ஆகிவிட்டது என்பதையும் அந்தக் கொப்பியிலேயே எழுதுங்கள். முப்பத்தாறுக்கு இன்னும் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள். முகவரும் அதை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்.